சாவி அடையாளம் இருந்தும் வெளியே போன 11 கோரிக்கைகள்: ஆண்ட்ராய்டின் இரண்டு வி.பி.என். ஆளிகள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பம்பலப்பிட்டியில் உள்ள ஒரு சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகம். காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், நீதிமன்ற ஆவணங்கள் ஆகியவற்றைத் தமிழிலிருந்தும் சிங்களத்திலிருந்தும் ஆங்கிலத்துக்கு மாற்றிக் கொடுப்பது அங்குள்ள வேலை. கோப்புகள் அலுவலகத்தின் சொந்தச் சேவையகம் ஒன்றில் இருக்கின்றன. ஊழியர்கள் வீட்டிலிருந்தும் மெய்ப்புப் பார்ப்பதால், அவர்களுடைய தொலைபேசியில் உள்ள ஒத்திசைவுச் செயலி அந்தச் சேவையகத்தோடு பேசும். சேவையகம் ஒரேயொரு வெளி முகவரியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும். அது அலுவலகம் வாடகைக்கு எடுத்து வைத்திருக்கும் வயர்கார்ட் வி.பி.என். சேவையகத்தின் நிலையான ஐ.பி. முகவரி. வேறெங்கிருந்து வந்தாலும் 403 என்ற மறுப்புத்தான் பதில்.

ஒரு வாரத்துப் பதிவேட்டைப் பார்த்தபோது ஒரே ஊழியரின் தொலைபேசியிலிருந்து 11 மறுக்கப்பட்ட கோரிக்கைகள் தெரிந்தன. அவற்றில் ஒரு பகுதியைச் சுருக்கி இங்கே தருகிறோம். ஐ.பி. முகவரிகளுக்குப் பதிலாக எடுத்துக்காட்டுகளுக்கென ஒதுக்கப்பட்ட எண்களை இட்டிருக்கிறோம்.

```
செவ்வாய் 07:52:10  198.51.100.7   GET /sync/list  200
செவ்வாய் 08:07:31  203.0.113.41   GET /sync/list  403
செவ்வாய் 08:07:32  203.0.113.41   GET /sync/list  403
செவ்வாய் 08:07:39  198.51.100.7   GET /sync/list  200
```

198.51.100.7 என்பது வி.பி.என். முகவரி. 203.0.113.41 என்பது தொலைபேசி நிறுவனம் மொபைல் டேட்டாவுக்குக் கொடுத்த முகவரி. அதாவது அந்தச் சில வினாடிகளில் தொலைபேசி, வி.பி.என். சேவையகம் வரை போகும் மறையாக்கப் பாதையான சுரங்கத்தை விட்டு வெளியே வந்து நேராகப் பேசியிருக்கிறது. ஊழியரைக் கேட்டபோது வந்த பதில் இது: "அண்ணை, சாவி அடையாளம் எப்பவும் மேல நிண்டது. நான் ஒருக்காலும் ஓஃப் பண்ணேல்லை."

வி.பி.என். இயங்கும்போது திரையின் மேற்பட்டையில் தெரியும் சாவி அடையாளத்தைத்தான் அவர் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தொலைபேசியில் Always-on VPN என்ற ஆளி போடப்பட்டிருந்தது. அதற்குக் கீழே இருக்கும் Block connections without VPN என்ற ஆளி போடப்படவில்லை. இந்த இரண்டும் ஒன்றின் இரண்டு அளவுகள் என்றே பலர் நினைக்கிறார்கள். அவை செய்வது இரண்டு வெவ்வேறு வேலைகள். அந்த 11 வரிகளையும் விளங்கிக்கொள்ள இந்த வேறுபாடு ஒன்றே போதும்.

முதல் ஆளி என்ன செய்கிறது

ஆண்ட்ராய்டில் வி.பி.என். செயலி ஒன்று இயங்கும்போது அது கணினியமைப்பிடம் கேட்டு ஒரு மெய்நிகர் வலையிடைமுகத்தை உருவாக்குகிறது. மற்றச் செயலிகள் அனுப்புவதெல்லாம் அந்த இடைமுகத்துக்குள் விழும். வி.பி.என். செயலி அவற்றை எடுத்து மறையாக்கம் செய்து, வைஃபை அல்லது மொபைல் டேட்டா வழியாகத் தன் சேவையகத்துக்கு அனுப்பும். அந்த இடைமுகம் உயிரோடு இருக்கும் வரை ஒன்றும் வெளியே போகாது. இங்கே பலர் தவறாக விளங்கிக்கொள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது. கோட்டை நிலையத்துக்குள் சிக்னல் விழுந்து வி.பி.என். சேவையகத்தை எட்ட முடியாமற் போனாலும் கசிவு இல்லை. இடைமுகம் அப்படியே நிற்கிறது, தரவுப் பொதிகள் அதற்குள் போய் விடை வராமல் தேங்குகின்றன, பக்கம் திறக்கவில்லை, அவ்வளவுதான். கசிவு வருவது இடைமுகமே இல்லாமற் போகும் நேரத்தில். செயலி இறந்தாலோ, இன்னும் தொடங்கவில்லை என்றாலோ, சுரங்கத்தைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டினாலோ அந்த இடைவெளியில் ஆண்ட்ராய்டு வழக்கமான பாதையைப் பயன்படுத்தும். வழக்கமான பாதை என்றால் நேரான மொபைல் டேட்டா.

Always-on VPN செய்வது, அந்தச் செயலியைத் தொடங்கும் பொறுப்பைக் கணினியமைப்பே ஏற்றுக்கொள்வது. தொலைபேசி மறுபடி தொடங்கி, கடவெண் போட்டுத் திறந்ததும் ஆண்ட்ராய்டு தானாக அந்தச் செயலியை எழுப்பும். செயலி புதுப்பிக்கப்பட்டாலும் மீண்டும் எழுப்பும். அதற்கு மேல் அது ஒரு வாக்குறுதியும் தருவதில்லை. எழுப்புவதற்கும் சுரங்கம் எழுந்து நிற்பதற்கும் இடையில் மற்றச் செயலிகள் என்ன செய்யலாம் என்பது அதன் கணக்கில் இல்லை.

பதிவேட்டோடு இதைப் பொருத்திப் பார்த்தோம். செவ்வாய்க்கிழமை 8:07க்குப் போன 6 கோரிக்கைகளுக்குக் காரணம் காலி வீதியில் 100ஆம் இலக்கப் பேருந்தில் போகும்போது தொலைபேசி மின்கலம் தீர்ந்து அணைந்தது. பவர் பாங்க் செருகி, தொலைபேசி எழுந்து, கடவெண் போட்டார்கள். அந்தக் கணத்தில் வி.பி.என். செயலியும் ஒத்திசைவுச் செயலியும் ஏறக்குறைய ஒன்றாகவே விழித்தன. முந்தியது ஒத்திசைவுச் செயலி. சுரங்கம் எழுந்தது 8:07:39க்கு. அதற்குள் 8 வினாடிகளில் 6 தடவை நேராகத் தட்டிப் பார்த்திருக்கிறது.

வியாழன் அதிகாலை 2 மணிக்குப் பிறகு போன ஒரேயொரு கோரிக்கை வீட்டு ஃபைபர் இணைப்பின் முகவரியிலிருந்து வந்திருந்தது. பிளே ஸ்டோர் அந்த நேரம் வி.பி.என். செயலியைப் புதுப்பித்திருந்தது. புதுப்பிக்கும்போது பழைய செயலி கொல்லப்படும், இடைமுகம் மறையும், புதியது எழும். இரண்டு மூன்று வினாடி இடைவெளிதான், ஆனால் ஒத்திசைவுச் செயலிக்கு அது போதுமாக இருந்தது.

எஞ்சிய 4 கோரிக்கைகள்தான் உண்மையில் கவலைக்குரியவை. வெள்ளி பிற்பகலில் 40 நிமிட இடைவெளியில், 10 நிமிடத்துக்கு ஒன்றாக அவை போயிருந்தன. தொலைபேசியின் மின்கலச் சேமிப்பு மேலாளர் வி.பி.என். செயலியை ஆழ்ந்த உறக்கத்துக்கு அனுப்பியிருந்தது. அப்படிக் கட்டாயமாக நிறுத்தப்பட்ட செயலி, பயனர் தாமாகத் திறக்கும் வரை மறுபடி எழுவதில்லை. ஊழியர் பைக்குள் தொலைபேசியை வைத்திருந்ததால் சாவி அடையாளம் மறைந்ததைப் பார்க்கவில்லை. பார்த்தபோதெல்லாம் அது இருந்தது என்பதைத்தான் அவர் "எப்பவும் நிண்டது" என்றார்.

இங்கே கசிந்தது என்ன என்பதையும் அளவாகச் சொல்லவேண்டும். கோரிக்கைகள் எச்.டி.டி.பி.எஸ். வழியே போனவை, எல்லாமே மறுக்கப்பட்டவை. ஆகவே எந்த ஆவணமும் வெளியே போகவில்லை. ஆனால் இன்ன தொலைபேசி இன்ன நேரத்தில் இன்ன பெயருள்ள சேவையகத்தைத் தேடியது என்பது வழியில் இருக்கும் வலையமைப்புக்குத் தெரிந்திருக்கும். சேவையகத்துக்கு ஊழியரின் உண்மையான முகவரி தெரிந்திருக்கும். மறுக்கும் விதி சேவையகத்தில் இல்லாமல் இருந்திருந்தால் இந்த 11 வரிகளும் 200 என்ற வெற்றி விடையாகப் பதிவாகி, ஒருவர் கண்ணிலும் பட்டிருக்காது.

இரண்டாம் ஆளி எங்கே பூட்டுகிறது

Block connections without VPN போட்டதும் ஆண்ட்ராய்டு தன் வழிச்செலுத்தல் விதிகளில் ஒரு தடையைச் சேர்க்கிறது. ஒவ்வொரு செயலிக்கும் ஆண்ட்ராய்டு தனி எண் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. வி.பி.என். செயலியின் எண்ணைத் தவிர மற்ற எண்களிலிருந்து வரும் எதுவும் சுரங்கத்தின் வழியே மட்டுமே போகலாம், சுரங்கம் இல்லையென்றால் போகவே முடியாது என்பது அந்த விதி. விதி இருப்பது கணினியமைப்புக்குள், வி.பி.என். செயலிக்குள் அல்ல. செயலி இறந்தாலும் விதி இறக்காது. பல வி.பி.என். செயலிகள் தங்கள் அமைப்புகளில் கில் சுவிட்ச் என்று ஒன்றைக் காட்டுகின்றன. செயலி தானே வைத்திருக்கும் தடை, செயலி உயிரோடு இருக்கும்போதுதான் வேலை செய்யும். பிந்திய பதிப்புகளில் சில செயலிகள் அந்தப் பொத்தானை அழுத்தினால் ஆண்ட்ராய்டின் இந்த அமைப்புப் பக்கத்துக்கே கொண்டுபோய் விடுகின்றன. அதுதான் நேர்மையான வழி.

செயலிகளுக்கான Always-on VPN ஆண்ட்ராய்டு 7இல் வந்தது. தடை ஆளி பயனரின் அமைப்புப் பக்கத்தில் தெரியத் தொடங்கியது ஆண்ட்ராய்டு 8இல். இரண்டையும் அடைய Settings, Network & internet, VPN என்று போய், செயலியின் பெயருக்கு அருகிலுள்ள பற்சக்கர அடையாளத்தைத் தட்டவேண்டும். சாம்சங் தொலைபேசிகளில் Connections, More connection settings என்ற வழியாக VPN வரும். முதல் ஆளி போடாமல் இரண்டாவது மங்கியே இருக்கும். போடும்போது, வி.பி.என். இணையும் வரை இணையம் இருக்காது என்று ஒரு எச்சரிக்கை வரும். அந்த வாசகம் சம்பிரதாயத்துக்கு எழுதப்பட்டதல்ல.

இரண்டு ஆளிகளின் வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க 5 நிமிடம் போதும். இந்தச் சோதனையைச் செய்யாமல் ஒரு தொலைபேசியைச் சரி என்று கையளிக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. முதல் ஆளி மட்டும் போட்ட நிலையில், உலாவியில் உங்கள் ஐ.பி. முகவரியைக் காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து, வி.பி.என். முகவரி தெரிவதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு Settings, Apps என்று போய் வி.பி.என். செயலியைத் தேர்ந்து Force stop கொடுங்கள். சாவி அடையாளம் மறையும். உலாவியில் பக்கத்தைப் புதுப்பித்தால் அது திறக்கும், தொலைபேசி நிறுவனத்தின் முகவரியைக் காட்டும். வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடந்தது இதுதான். இப்போது வி.பி.என். செயலியைத் திறந்து இணைத்து, இரண்டாம் ஆளியையும் போட்டுவிட்டு, அதே Force stop கொடுங்கள். வைஃபை அடையாளம் நிறைந்து நிற்கும், டேட்டாவும் இருக்கும், ஆனால் பக்கம் திறக்காது. உலாவி காட்டும் பிழை வாசகம் தொலைபேசிக்குத் தொலைபேசி மாறலாம். திறக்காமல் இருக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

adb என்ற கருவி நிறுவிய கணினியும் யு.எஸ்.பி. வடமும் கையில் இருந்தால், யு.எஸ்.பி. பிழைதிருத்தத்தை இயக்கி இப்படியும் கேட்கலாம்:

```
adb shell settings get secure always_on_vpn_app
adb shell settings get secure always_on_vpn_lockdown
```

முதலாவதற்குச் செயலியின் பொதிப் பெயர் வரவேண்டும். வயர்கார்டின் சொந்தச் செயலி என்றால் `com.wireguard.android`. இரண்டாவதற்கு `1` வரவேண்டும். `0` அல்லது `null` வந்தால் தடை இல்லை. ஊழியரின் தொலைபேசி முதலாவதற்குச் சரியான பெயரையும் இரண்டாவதற்கு `0` என்பதையும் தந்தது.

பூட்டியதும் நின்றுபோனவை

திங்கட்கிழமை இரண்டாம் ஆளி போடப்பட்டது. அன்று மதியத்துக்குள் முதல் முறைப்பாடு வந்தது: வங்கிச் செயலி வேலை செய்யவில்லை.

காரணம் சுரங்கத்தின் அமைப்பில் இருந்தது. வங்கிச் செயலி வெளிநாட்டு முகவரியிலிருந்து வந்தால் உள்நுழைய விடாததால், வயர்கார்ட் அமைப்பில் அதை விலக்கப்பட்ட செயலிகளின் பட்டியலில் முன்பே போட்டிருந்தார்கள். விலக்கப்பட்ட செயலி சுரங்கத்துக்குள் போகாமல் நேராகப் போகும். ஆனால் தடை ஆளிக்கு விலக்கு என்று ஒன்று தெரியாது. சுரங்கத்துக்குள் போகாத எதையும் அது நிறுத்தும். விலக்கப்பட்ட செயலி சுரங்கத்துக்குள்ளும் போக முடியாது, வெளியேயும் போக முடியாது, இணையமே இல்லாமல் நிற்கும். வி.பி.என். செயலி இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. விலக்கிய செயலி மட்டும் இறந்து மற்றெல்லாம் நன்றாக இருந்தால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இதுதான்.

இதற்கு மாற்று வழி இருக்கிறதா? ஆண்ட்ராய்டு 10 தொடக்கம், தடை இருக்கும்போதே சில செயலிகளுக்கு மட்டும் நேரான வழியைத் திறந்துவிடும் பட்டியல் ஒன்று உண்டு. ஆனால் அதை வைக்க முடிவது நிறுவனத்தின் சாதன மேலாண்மைச் செயலிக்கு மட்டுமே, பயனரின் அமைப்புப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. இந்தச் சிறிய அலுவலகத்தில் அப்படி ஒன்று இல்லை. எஞ்சியது தனிப் பயனர்வெளி. ஆண்ட்ராய்டில் வி.பி.என். ஒவ்வொரு பயனர்வெளிக்கும் தனித்தனி. வேலைப் பயனர்வெளி, இரண்டாம் பயனர், ஆண்ட்ராய்டு 15இல் வந்த தனியிடம் ஆகிய எதிலும் முதன்மை வெளியில் போட்ட ஆளிகள் பேசுவதில்லை. ஊழியரின் வங்கிச் செயலியை ஒரு தனி வெளிக்கு மாற்றியதும் அது நேராகப் போய் வேலை செய்தது.

இதே விஷயம் மறுபக்கத்தில் ஆபத்தானது. ஒரே தொலைபேசியில் இரண்டு வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் ஏராளம். இரண்டாவது வாட்ஸ்அப்பைப் பல தொலைபேசிகள் தனிப் பயனர்வெளியில்தான் நிறுவுகின்றன. முதன்மை வெளியில் தடையைப் போட்டுவிட்டு, அந்த இரண்டாவது வாட்ஸ்அப்பும் சுரங்கத்துக்குள் இருக்கிறது என்று நம்புவது தவறு. சோதிக்க எளிய வழி: அந்த வெளிக்குள் ஓர் உலாவியை நிறுவி, முகவரி காட்டும் தளத்தைத் திறப்பது. இந்த ஊழியர் அந்த இரண்டாவது வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளரிடமிருந்து சான்றிதழ்ப் படங்களை வாங்கிக்கொண்டிருந்தார். அதை முதன்மை வெளிக்கு மாற்றியது இந்த ஆய்வில் கிடைத்த பெரிய திருத்தம் என்றே கருதுகிறோம்.

ஹொட்ஸ்பொட்டும் அப்படித்தான். தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டில் இணையும் மடிக்கணினியின் போக்குவரத்து, வழக்கமான ஆண்ட்ராய்டில், தொலைபேசியின் சுரங்கத்துக்குள் போவதில்லை. இரண்டாம் ஆளி அதைத் தடுப்பதும் இல்லை, ஏனென்றால் அது தொலைபேசியில் உள்ள எந்தச் செயலியின் எண்ணையும் கொண்டதல்ல. மின்வெட்டு நேரத்தில் ஹொட்ஸ்பொட்டில் வேலை செய்த மடிக்கணினி சேவையகத்திடம் 403 வாங்கியது இதனால்தான். மடிக்கணினிக்குத் தனி வயர்கார்ட் சுரங்கம் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அழைப்புகளும் குறுஞ்செய்திகளும் இந்தத் தடையில் மாட்டுவதில்லை. அதனால் தொலைபேசி மறுபடி தொடங்கி, இன்னும் கடவெண் போடாத நிலையில், அழைப்பு வரும், வாட்ஸ்அப் வராது. இரவில் தொலைபேசி தானாகப் புதுப்பித்து மறுதொடக்கம் செய்துவிட்டால், காலையில் கடவெண் போடும் வரை செய்திகள் ஒன்றும் வராமல் இருக்கும். இது பழுதல்ல.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கஃபேயின் வைஃபையில் வந்த சிக்கல் வேறு வகை. அங்கே இணைந்ததும் தொலைபேசி எண் கேட்கும் உள்நுழைவுப் பக்கம் ஒன்று வரும். அதைத் தாண்டும் வரை வி.பி.என். சேவையகத்தை எட்ட முடியாது, சுரங்கம் இல்லாமல் உலாவியால் அந்தப் பக்கத்தைத் திறக்க முடியாது. இந்த முடிச்சுக்கு ஆண்ட்ராய்டே ஒரு வழி வைத்திருக்கிறது. அறிவிப்பில் வரும் உள்நுழைவுச் செய்தியைத் தட்டினால் திறக்கும் சாளரம் கணினியமைப்பைச் சேர்ந்தது, வலையமைப்பை நேராகத் தொடும் உரிமை அதற்கு உண்டு. அதனால் பக்கத்தைக் குரோமில் திறக்க முயலாமல் அந்த அறிவிப்பைத் தட்டவேண்டும். சில தொலைபேசிகளில் அதுவும் பயன் தராது. அப்போது தடையை எடுத்துப் பக்கத்தைத் தாண்டுவதைவிட மொபைல் டேட்டாவிலேயே இருப்பது நல்லது. தடை இல்லாத அந்த ஒரு நிமிடத்தில் பின்னணியில் இருக்கும் செயலிகள் எல்லாம் அந்தக் கஃபேயின் வைஃபை வழியே நேராகப் போய்வரும்.

பூட்டிய பிறகும் போகும் சிறுதுளி

இரண்டும் போட்ட பின் தொலைபேசியிலிருந்து உண்மையில் என்ன வெளியே போகிறது என்று அலுவலகத்தின் ஓபன்டபிள்யூஆர்டி ரௌட்டரில் பார்த்தோம். தொலைபேசி அந்த வைஃபைக்குக் காட்டும் மாக் முகவரியை அதன் இணைப்பு விவரப் பக்கத்திலிருந்து எடுத்து, வயர்கார்ட் போக்குவரத்தைத் தவிர மற்றதைக் காட்டும்படி கேட்டோம். ஆண்ட்ராய்டு ஒவ்வொரு வைஃபைக்கும் வேறு மாக் முகவரியைக் காட்டுவது வழக்கம், ஆகவே பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் உதவாது.

```
tcpdump -ni br-lan ether host 02:00:5e:10:00:01 and not udp port 51820
```

51820 என்பது வயர்கார்டின் வழமையான துறை எண், உங்கள் சேவையகத்தில் வேறாக இருந்தால் மாற்றவேண்டும். முகவரி வாங்கும் டி.எச்.சி.பி. போன்ற உள்ளூர்ப் பேச்சு ஓடும், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதனோடு, வைஃபையில் சேர்ந்ததும் `connectivitycheck.gstatic.com` என்ற பெயருக்கான தேடலும், அதற்கு ஒரு சிறிய வலைக் கோரிக்கையும் சுரங்கத்துக்கு வெளியே போயின.

இது ஆண்ட்ராய்டின் இணைப்புச் சோதனை. இந்த வைஃபையில் உண்மையில் இணையம் இருக்கிறதா, உள்நுழைவுப் பக்கம் குறுக்கே நிற்கிறதா என்று பார்ப்பதற்காக, 204 என்ற வெறும் விடையை எதிர்பார்த்து அது கேட்கிறது. தடை ஆளி போட்டிருந்தாலும் இது வெளியே போகிறது என்பதை 2022 ஒக்டோபரில் சுவீடனின் முல்வாட் என்ற வி.பி.என். நிறுவனம் வெளியிட்டது. ஆளியின் பெயர் தரும் வாக்குறுதிக்கு இது பொருந்தவில்லை, குறைந்தது அதை ஆவணத்தில் சொல்லுங்கள் என்பது அவர்களின் வாதம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறோம் என்பது கூகுளின் பதில். இரண்டு பக்கத்தையும் எடைபோட்டால், முல்வாட் சொன்னதில் நியாயம் கூடுதல் என்பது எங்கள் கணிப்பு. கஃபே வைஃபைக்கு அந்தச் சோதனை தேவைதான், ஆனால் ஆளியின் பெயரைப் படிப்பவர் விதிவிலக்கு இருப்பதை அறிய வழியில்லை. அந்தக் கோரிக்கையில் ஆவணமோ கடவுச்சொல்லோ இல்லை. இன்ன முகவரியில், இன்ன நேரத்தில் ஓர் ஆண்ட்ராய்டு சாதனம் வலையில் சேர்ந்தது என்பது மட்டும் தெரியும். மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்கு இது பொருட்டல்ல. தான் இருக்கும் இடம் எவருக்கும் தெரியக்கூடாத ஒருவருக்கு இதுவே பெரிய விஷயமாக இருக்கலாம்.

அப்படிப்பட்டவர் அதை நிறுத்தலாம்:

```
adb shell settings put global captive_portal_mode 0
```

நிறுத்தினால் உள்நுழைவு அறிவிப்பு வராது, இணையமில்லாத வைஃபையிலும் தொலைபேசி ஒட்டிக்கொண்டிருக்கும். திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர `0` இருக்கும் இடத்தில் `1` போடவேண்டும். இந்த ஊழியரின் தொலைபேசியில் அதைத் தொடவில்லை.

இரண்டாவது துளி டி.என்.எஸ்., அதாவது தளத்தின் பெயருக்கு உரிய ஐ.பி. முகவரியைக் கேட்கும் தேடல். 2024 மே மாதம் அதே நிறுவனம் இன்னொன்றையும் வெளியிட்டது. தடை போட்டிருக்கும்போதும், வி.பி.என். செயலி சுரங்கத்தை மாற்றி அமைக்கும் கணத்திலோ திடீரென நின்றுவிடும்போதோ, சில செயலிகளின் பெயர்த் தேடல் சுரங்கத்துக்கு வெளியே போகிறது. `getaddrinfo` என்ற செயற்கூறை நேராக அழைக்கும் செயலிகளில்தான் இது தெரிந்தது. குரோம் உலாவியும் அப்படி அழைக்கக்கூடியது. போவது தளத்தின் பெயர் மட்டுமே, அதற்குப் பின்னான இணைப்பைத் தடை மறித்துவிடும். நடைமுறையில் இதற்கு நாம் செய்யக்கூடியது, சேவையகத்தை மாற்றுவதற்கு முன்னும் சுரங்கத்தை நிறுத்தித் தொடங்குவதற்கு முன்னும் உலாவியை மூடிவிடுவது.

2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்கள் தடைசெய்யப்பட்டபோது, கொழும்பில் பலர் கிடைத்த வி.பி.என். செயலியை அவசரமாக நிறுவிக்கொண்டார்கள். அந்தப் பழைய செயலி இன்னும் தொலைபேசியில் இருந்தால் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பயனர்வெளியில் ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என். மட்டுமே இயங்கலாம். விளம்பரம் தடுக்கும் செயலிகளில் பலவும் உள்ளுக்குள் வி.பி.என். வடிவில்தான் இயங்குகின்றன. ஆளிகள் எந்தச் செயலியின் பெயருக்கு நேரே போடப்பட்டிருக்கின்றன என்பதை `always_on_vpn_app` காட்டிவிடும்.

மீண்டும் வந்த 403

தடை போட்ட பிறகு மூன்று வாரம் பதிவேடு சுத்தமாக இருந்தது. மின்கல மேலாளர் இரண்டு தடவை வி.பி.என். செயலியைக் கொன்றிருந்தது. இரண்டு தடவையும் இணையம் நின்றது, ஊழியர் உடனே கவனித்து செயலியைத் திறந்தார், வெளியே ஒன்றும் போகவில்லை. அந்தச் செயலிக்கு மின்கலக் கட்டுப்பாடு வேண்டாம் என்று Settings, Apps, Battery பக்கத்தில் Unrestricted கொடுத்ததும் அதுவும் நின்றது.

நான்காம் வாரம் மறுபடியும் 3 மறுப்புகள். அதே தொலைபேசி, அதே ஒத்திசைவுச் செயலி, வீட்டு ஃபைபர் முகவரி. இம்முறை காரணம் செயலியை நீக்கி நிறுவியது. சுரங்கம் இணையவில்லை என்று ஊழியர் வி.பி.என். செயலியை முழுதாக நீக்கிவிட்டு மறுபடி நிறுவியிருந்தார். செயலி இறந்தால் தடை இறக்காது என்று மேலே சொன்னோம். செயலி நீக்கப்பட்டால் அப்படியல்ல. ஆளிகள் போடப்பட்டிருந்த செயலி தொலைபேசியை விட்டுப் போனதும் ஆண்ட்ராய்டு இரண்டு ஆளிகளையும் தானாக அழித்துவிடுகிறது, தொலைபேசிக்கு நேரான இணையம் திரும்பக் கிடைக்கிறது. புதுப்பிப்பில் இது நடப்பதில்லை, நீக்கினால் மட்டுமே. அதற்குப் பின் அதே செயலியை நிறுவினாலும் இரண்டு ஆளிகளும் அணைந்தே இருக்கும். புதிய தொலைபேசிக்கு மாறினாலும் அவற்றைக் கையால்தான் போடவேண்டும்.

இப்போது அந்த அலுவலகத்தில் நீக்கி நிறுவவேண்டி வந்தால், முதலில் ஒத்திசைவுச் செயலிக்கு Force stop கொடுக்கிறார்கள். பிறகு வி.பி.என். செயலியை நீக்கி, நிறுவி, சுரங்க அமைப்பை ஏற்றி, ஒரு தடவை கையால் இணைத்து அனுமதிச் சாளரத்தை ஏற்றுக்கொள்கிறார்கள். இரண்டு ஆளிகளையும் போட்டு, `always_on_vpn_lockdown` கேட்டு `1` வந்த பிறகுதான் ஒத்திசைவுச் செயலியைத் திறக்கிறார்கள்.